தேநீர் நேரத்தில் ஒரு கேள்வி

நான் முதன்முதலாகப் போன ஆய்வரங்கில் தேநீர் இடைவேளை முழுவதையும் கழிவறையில் கழித்தேன். இருபது நிமிடம். வெளியே கோப்பைகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. உள்ளே நான் மூன்று தடவை கை கழுவினேன், இரண்டு தடவை ஸ்கார்ஃபைச் சரி செய்தேன். மணி அடித்ததும் வெளியே வந்து, எல்லோருடனும் சேர்ந்து நடந்து, என் கதிரையில் அமர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வாப்பா, "எப்படி மகள், யாரோட எல்லாம் கதைச்சீங்க?" என்று கேட்டார். "நல்லா இருந்திச்சி வாப்பா" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டாம் தடவை போனபோது நான் நான்கு பேருடன் கதைத்தேன். அதற்கிடையில் என் சுபாவம் ஒன்றும் மாறிவிடவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் இன்றும் காது சூடாகிறது. மாறியதெல்லாம் நான் செய்த சில சின்ன ஏற்பாடுகள்தான். அவற்றை இங்கே எழுதக் காரணம் என் ராத்தா.

ராத்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீடுகள் வரையப் பிடிக்கும். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தார். கட்டடக் கலை படிக்க வேண்டும் என்பது ஆசை. அந்தப் பாடநெறிக்கு இஸட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியவந்தபோது விண்ணப்ப முடிவுத் திகதி போய்விட்டது. யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. நாங்கள் கேட்டவர்களுக்கே அது தெரியாது. மாமாவிடம் கேட்டோம், பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டோம், ரியூஷன் சேரிடம் கேட்டோம். எல்லோரும் அன்போடு பதில் சொன்னார்கள், எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பாடநெறியைப் படித்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பிள்ளையையாவது எங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். பொஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் தொழில் மாறியவர்களிடம் அவர் பேசினார். தெரிந்தவர் ஒருவர் மூலம் தொழிலைப் பற்றி அறிந்தவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது சந்திக்கும் நெருங்கியவர் மூலம் அறிந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவில்தான். வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் மூலம் அறிந்தவர்கள் 28 பேர் அளவில். மீதிப் பேர் இரண்டுக்கும் இடையில்.

காரணம் எளிது. நெருங்கியவர்கள் நமக்காக எதையும் செய்வார்கள், ஆனால் நாம் அறிந்ததைத்தான் அவர்களும் அறிந்திருக்கிறார்கள். ஒரே தெரு, ஒரே பள்ளிவாசல், ஒரே வட்ஸ்அப் குழு. எங்கள் ஊரைப் போல வீட்டுக்கு வீடு மதில் ஒட்டிய இடத்தில் ஒரு செய்தி அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஊர் முழுவதும் போய்ச் சேரும். ஆனால் ஊருக்குள் வராத செய்தி யாருக்குமே வராது. அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் இன்னொரு வட்டத்தில் இருக்கிறார், அங்கே வேறு செய்திகள் ஓடுகின்றன. கிரனோவெட்டர் இதைப் பலவீனமான உறவுகளின் பலம் என்றார்.

வெட்கப்படுகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நமக்குத் தேவை நூறு நண்பர்கள் அல்லர். அரைகுறையாகத் தெரிந்த சிலர் போதும். நெருக்கம் வேண்டியதில்லை என்றால் பேச்சுத் திறமையும் அவ்வளவு வேண்டியதில்லை.

இனி இரண்டாவது ஆய்வரங்குக்கு வருகிறேன்.

எங்கள் மாகாணத்திலேயே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இப்படியான இடங்களில் ஆய்வரங்குகள் நடக்கும்போது நிகழ்ச்சி நிரலையும், சமர்ப்பிக்கப்படும் ஆய்வுகளின் சுருக்கங்களையும் முன்கூட்டியே இணையத்தில் போடுவது வழக்கம். பாடசாலைப் பிள்ளைகள் பார்வையாளராகப் போவதென்றால் முதலில் கேட்டு அனுமதி பெற வேண்டும். எங்களுக்கு உயிரியல் டீச்சர் அனுமதி வாங்கி ஐந்து பேரைக் கூட்டிப் போனார்.

முதல் தடவை நான் நிகழ்ச்சி நிரலை வாசலில்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை மூன்று நாள் முன்பே தரவிறக்கி வாசித்தேன். எல்லாவற்றையும் அல்ல. சுருக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பாதி விளங்கவில்லை. நான் தேடியது ஒன்றைத்தான்: எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த ஒரு விஷயம். மட்டக்களப்பு வாவியின் நீரில் உப்புத்தன்மை மாறுவது பற்றி ஒரு சுருக்கம் இருந்தது. வாவி எனக்குத் தெரியும். என் மூத்தவாப்பா அதில் வலை போட்டவர். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும்போது பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி விடுவார்கள் என்பதும், வெட்டின பிறகு இறால் படுவது மாறும் என்பதும் எங்கள் வீட்டில் சோறு தின்னும்போது கதைக்கிற கதை. ஆக எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. அதை ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்: "முகத்துவாரம் வெட்டின பிறகும் அளந்தீர்களா? எத்தனை நாளில் உப்பு மாறியது?"

கேள்வியை எழுதிக்கொண்டு போவது ஏன் முக்கியம் என்றால், வெட்கம் வரும்போது மூளை வெறுமையாகிவிடும். அந்த நேரத்தில் புதிதாக ஒன்றை யோசிக்க ஏலாது, எழுதியதை வாசிக்க ஏலும். கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நான் தவறு செய்துதான் கற்றேன். "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது மிகப் பெரிய கேள்வி, எங்கிருந்து தொடங்குவது என்று பதில் சொல்பவர் யோசிக்க வேண்டும். "இது முக்கியமான ஆய்வா?" என்பதற்கு ஆம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நல்ல கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியும், ஆனால் அந்தப் பதிலுக்குள் இன்னொரு கேள்விக்கு இடம் இருக்கும்.

அன்று நாங்கள் அரை மணித்தியாலம் முந்திப் போனோம். இது தற்செயலாகச் செய்த புத்திசாலித்தனம், பஸ் கிடைக்காமல் போகும் என்ற பயத்தில் டீச்சர் எங்களை விடியவே எழுப்பிவிட்டார். மண்டபத்தில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். பத்துப் பேர் உள்ள அறையில் நுழைவது வேறு, ஏற்கெனவே வட்டம் வட்டமாக நிற்கும் நூறு பேருக்குள் நுழைவது வேறு. பதிவு மேசையில் இருந்த அக்கா ஒருவர் பெயர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "உதவட்டுமா அக்கா?" என்று கேட்டேன். நான் அன்று பேசிய முதல் வசனம் அதுதான். பத்து நிமிடம் அகர வரிசைப்படி அட்டை அடுக்கினோம். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய்க்குப் பேச்சு தானாக வருகிறது. அவர் இரண்டாம் வருட மாணவி, செங்கலடிப் பிள்ளை. அன்று முழுவதும் எங்கு கண்டாலும் சிரித்தார். கூட்டத்தில் சிரிக்கிற ஒரு முகம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கழிவறையில் இருபது நிமிடம் நின்றவளுக்குத்தான் தெரியும்.

தேநீர் நேரம் வந்தது. முதல் தடவை நான் பயந்தது இதற்குத்தான். எல்லோரும் ஏற்கெனவே யாருடனோ நிற்கிறார்கள், எங்கே போய் நிற்பது? கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரிந்தது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்து, பாதங்களும் நேருக்கு நேராக நின்றால் அது மூடிய கதை, அங்கே போகக்கூடாது. இரண்டு மூன்று பேர் பாதியாகத் திறந்து, ஒரு பக்கம் இடைவெளி விட்டு நின்றால் அங்கே இன்னொருவர் நிற்கலாம். மூன்றாவது வகை, தனியாக நிற்பவர். கையில் தொலைபேசியை வைத்துத் திரும்பத் திரும்ப அதையே பார்ப்பவர். அவர் நம் ஆள்.

எல்லாவற்றையும் விட இலேசான இடம் சுவரொட்டி அமர்வு. ஆய்வை மேடையில் பேசாமல், ஒரு பெரிய தாளில் படங்களும் வரைபுகளுமாக அச்சிட்டுப் பலகையில் ஒட்டி, ஆய்வு செய்தவர் பக்கத்திலேயே நிற்பார். யாராவது வந்து கேட்பதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். பல பேர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டிஸ் எடுக்கப் போய்விடுவார்கள். நாம் போய் நின்றால் தொந்தரவு அல்ல, உபகாரம். பார்ப்பதற்கும் பொதுவாக ஒரு தாள் இருக்கிறது, ஆகவே கண்ணைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டிய கஷ்டம் இல்லை. இரண்டு பேரும் வரைபைப் பார்த்துக்கொண்டு பேசலாம்.

வாவி ஆய்வு செய்தவர் ஓர் இளம் விரிவுரையாளர். அவருடைய பலகைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். நான் பக்கத்துப் பலகையை வாசிப்பது போல நின்று அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு போய், "அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்" என்று தொடங்கி, அவர் முஸ்லிம் அல்ல என்பது அப்போதுதான் உறைத்து, "வணக்கம் மிஸ்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு ஸலாத்துக்குப் பதில் சொன்னார். துண்டுத்தாளைப் பார்த்தே கேள்வியை வாசித்தேன். குரல் நடுங்கியது.

அவர் உடனே வரைபில் ஒரு புள்ளியைக் காட்டினார். "இந்த இடத்தில ஏன் கோடு திடீரென்று ஏறுது என்று ஒருத்தரும் இவ்வளவு நேரம் கேட்கல" என்றார். பெருமழைக்குள் வாவி நன்னீராகிவிடுகிறது, வாய் திறந்த பிறகு கடல்நீர் உள்ளே வரத் தொடங்குகிறது, ஆனால் வாய்க்குக் கிட்ட உள்ள இடமும் உள்ளே தூரத்தில் உள்ள இடமும் ஒன்றாக மாறுவதில்லை என்று விளக்கினார். மூத்தவாப்பா சொன்ன இறால் கதையைச் சொன்னேன். "அவர் எந்தப் பக்கம் வலை போட்டவர்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அந்த நேரத்தில் என் வெட்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. பதில் எனக்குத் தெரிந்த பதில்.

கதையை எப்படி முடிப்பது என்பதும் ஒரு பிரச்சினை. தொடங்கப் பயப்படுகிறவர்களுக்கு முடிக்கத் தெரியாது, நின்றுகொண்டே இருப்போம். நான் முன்பே ஒரு வசனம் வைத்திருந்தேன்: "நன்றி மிஸ், மற்றவர்களும் கேட்கக் காத்திருக்கிறார்கள். இது பற்றி உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாமா?" சுவரொட்டியின் கீழே அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருந்தது. "அனுப்புங்கோ" என்றார். ஏழு நிமிடம் ஆகியிருக்கும்.

அங்கிருந்து நேரே ஒரு மூலைக்குப் போய் அவர் சொன்னதை எழுதினேன். இதைத் தள்ளிப் போடக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்குள் பாதி மறந்துவிடும். பெயர், விஷயம், அவர் சொன்ன ஒரு குறிப்பான செய்தி. எனக்கு இவை மூன்றும் போதுமாக இருந்தன.

மற்ற இரண்டு பேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் தனியாகத் தொலைபேசியுடன் நின்றவர். இன்னொருவரை லுஹருக்குப் போன இடத்தில் சந்தித்தேன். பெண்கள் தொழும் அறைக்கு வெளியே வுழுச் செய்ய வரிசை. முன்னால் நின்ற ராத்தா என்னிடம் தன் கோப்பைக் கொடுத்து "கொஞ்சம் பிடிங்க" என்றார். வுழுச் செய்துவிட்டு வந்து என்னுடையதைப் பிடித்தார். அவர் ஊர் வாழைச்சேனை, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு இப்படியான இடம் ஒன்று எப்போதும் இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை.

ஆண் விரிவுரையாளர்களுடன் பேசுவது பற்றி என்னுடன் வந்த பிள்ளைகள் கேட்டார்கள். கை கொடுக்க வந்தால் என்ன செய்வது? வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சற்றுச் சாய்த்து ஸலாம் அல்லது வணக்கம் சொன்னால் போதும், பெரும்பாலும் அவர்களும் அப்படியே செய்வார்கள். முந்திக்கொண்டு செய்தால் இரு பக்கமும் சங்கடம் இல்லை. தோழி ஒருத்தியைக் கூட்டிப் போகலாம். ஆனால் இரண்டு வெட்கக்காரிகள் சேர்ந்து போனால் ஒரு ஆபத்து உண்டு, இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். நானும் என் தோழியும் முதலிலேயே பேசி வைத்தோம்: ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும், மற்றவள் பக்கத்தில் நின்றால் மட்டும் போதும், அடுத்த பலகையில் முறை மாறும்.

அன்றிரவு படுக்கையில் வழக்கமான நோய் வந்தது. ஏன் குரல் நடுங்கியது, ஏன் ஸலாத்தையும் வணக்கத்தையும் ஒன்றாகச் சொன்னேன், அந்த மிஸ் என்ன நினைத்திருப்பார். இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது என்பதைப் பிறகு வாசித்தேன். 2018இல் எரிக்கா பூத்பியும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்டது. அறிமுகமில்லாத இருவரை ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மற்றவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, மற்றவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குச் சராசரியாக உண்மையை விடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். வெட்கம் கூடியவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் கூடியது. அதாவது இரவில் நாம் நமக்கு நாமே வழங்கும் தீர்ப்பு பிழையான தராசில் நிறுத்தது. இதைத் தெரிந்துகொண்டதால் அந்த நினைப்பு எனக்கு நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த நாள் மின்னஞ்சலை அனுப்புவதற்கு அது தடையாக இருக்கவில்லை.

மின்னஞ்சலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. வெட்கப்படுகிறவர்களுக்கு எழுத்து ஒரு பெரிய வரம், ஆனால் அதைக் கெடுக்கவும் நமக்குத்தான் தெரியும். முதல் ஆய்வரங்குக்குப் பிறகு நான் ஒரு பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவருடன் பேச முடியாததை எல்லாம் அதில் கொட்டினேன். என் ஊர், என் பாடசாலை, என் கனவு, எனக்கு ஆராய்ச்சி என்றால் என்ன நினைப்பு, கடைசியில் "எனக்கு வழிகாட்ட முடியுமா?" இரண்டு பக்கம். பதில் வரவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. இப்போது அதை எடுத்து வாசித்தால் அவர் எதற்குப் பதில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

எழுதும் கலையில் எனக்கு ஆசிரியராக அமைந்தவர் எதிர்பாராத ஒருவர், சார்ள்ஸ் டார்வின். அவருடைய கொள்கையைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு, நான் சொல்வது அவர் கடிதம் எழுதிய முறையை. உடல்நலம் குன்றிய அவர் இங்கிலாந்தில் டவுன் என்ற கிராமத்து வீட்டிலேயே பெரும்பாலான காலத்தைக் கழித்தார், கூட்டங்களுக்குப் போவது அரிது. ஆனால் அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக இன்று கிடைத்திருக்கும் கடிதங்கள் சுமார் 15,000. ஏறத்தாழ 2,000 பேருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைட்ஸ் அவர்களில் ஒருவர். மனித முகபாவங்கள் பற்றி 1872இல் வெளியிட்ட புத்தகத்துக்காக அவர் 16 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். 36 பேர் பதில் அனுப்பினார்கள். நம் நாட்டைப் பற்றிய பதில்களைத் தந்தவர் கிளெனி என்ற பாதிரியார்.

அந்தக் கேள்விகளைப் பார்த்தால் ஏன் பதில் வந்தது என்று விளங்கும். ஆச்சரியப்படும்போது கண்ணும் வாயும் விரிகின்றனவா, புருவம் உயர்கிறதா? இப்படித்தான் ஒவ்வொன்றும். பதில் எழுதுபவர் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை, தன் கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும். இரண்டாவது கேள்வி வெட்கத்தைப் பற்றியது: வெட்கப்படும்போது முகம் சிவக்கிறதா? புத்தகத்தில் வெட்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மற்றவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நம் கவனம் நம்மீதே திரும்புவதுதான் வெட்கத்தின் வேர் என்கிறார். வரைபில் உள்ள புள்ளியைப் பார்த்தபோது என் நடுக்கம் நின்றது ஏன் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. கவனம் என்னிடமிருந்து வாவிக்குப் போய்விட்டது.

ஆகவே அந்த மிஸ்ஸுக்கு நான் அடுத்த நாள் அனுப்பிய மின்னஞ்சல் இவ்வளவுதான். பொருள் என்ற இடத்தில், "நேற்று முகத்துவாரம் பற்றிக் கேட்ட மாணவி" என்று போட்டேன். நூறு முகங்களுக்குள் அவர் என்னை அடையாளம் காண வேண்டுமே.

"மதிப்புக்குரிய மிஸ், நேற்றுச் சுவரொட்டி அமர்வில் உங்களுடன் பேசிய உயர்தர மாணவி நான். வாய்க்குக் கிட்ட உள்ள இடமும் உள்ளே உள்ள இடமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்று நீங்கள் சொன்னதை வீட்டில் மூத்தவாப்பாவிடம் சொன்னேன். தான் வலை போட்ட இடத்தில் வெட்டி ஒரு கிழமைக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும் என்கிறார். உங்கள் அளவீட்டு இடங்களில் எது அதற்குக் கிட்ட இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நேரம் கிடைக்கும்போது ஒரு வரியில் எழுதினாலும் போதும். நன்றி."

ஒரே ஒரு கேள்வி, ஐந்து நிமிடத்துக்குள் பதில் சொல்லக்கூடியது. அவர் கேட்ட ஒன்றுக்கு நான் கொண்டுவந்த ஒரு பதிலும் அதில் இருக்கிறது, அதாவது வெறுங்கையோடு போகவில்லை. இரண்டு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு அவருக்கு முகம் மறந்துவிடும், நமக்குத் தைரியம் போய்விடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அது கோபமோ வெறுப்போ அல்ல, பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலமாக இருக்கும்.

சூம் வழியாக நடக்கும் ஆய்வரங்குகளில் நமக்கு இன்னும் வசதி. கேள்வியைப் பேசத் தேவையில்லை, எழுதலாம். ஆனால் எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடும் என்பதுதான் என் அனுபவம். ஆகவே பேச்சு நடக்கும்போதே தொலைபேசியின் குறிப்பேட்டில் எழுதி வைத்து, கேள்வி நேரம் தொடங்கியதும் ஒட்டிவிடுவேன். முதலாவதாக வரும் கேள்வியை நடத்துனர் பெரும்பாலும் வாசித்துவிடுவார். இன்னொன்று, பெயர். நான் முதல் தடவை வாப்பாவின் தொலைபேசியில் நுழைந்தபோது அதில் Redmi என்று விழுந்தது. பேச்சாளர், "ரெட்மி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்" என்றார். நுழையும் முன் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெற்றோர்கள் கேட்பார்கள், வெளியாட்களோடு பிள்ளை எழுதிக்கொண்டிருப்பது சரியா என்று. என் உம்மாவும் கேட்டா. நாங்கள் இருவரும் பேசி ஒரு முறைக்கு வந்தோம். எழுதுவது நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும், தனிப்பட்ட வட்ஸ்அப்புக்கு அல்ல. தொலைபேசி இலக்கமும் படமும் கொடுப்பதில்லை. உம்மாவோ டீச்சரோ எப்போது வேண்டுமானாலும் திறந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேச்சு விஷயத்தை விட்டு என்னைப் பற்றித் திரும்பினால், எங்கே இருக்கிறாய், ஏன் பதில் இல்லை, இதை யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வரி வந்தாலும், அன்றே நிறுத்தி வீட்டில் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்ல முடியும் என்ற நிலை இருந்தால்தான் பிள்ளை சொல்லும். உம்மா அதற்கு, "நீ சொன்னா நான் ஏச மாட்டன் புள்ள" என்று வாக்குத் தந்தா. தொலைபேசியைப் பறித்து வைப்பதை விட எனக்கு அது பெரிய பாதுகாப்பு.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அந்த நான்கு பேரில் இருவருடன் இப்போது தொடர்பு இல்லை. தொலைபேசியுடன் தனியாக நின்றவரின் பெயரையே எழுதி வைக்க மறந்துவிட்டேன். மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக் கேள்வி கேட்க எனக்கு இன்றும் ஏலாது. மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு விநாடி எனக்கு வேண்டாம்.

ஆனால் வாழைச்சேனை ராத்தாவுக்கு நான் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் தோழி ஒருத்திக்கு அவர் படிக்கும் பாடநெறியில் ஆசை. அதற்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தவிர வேறு ஏதாவது தனியாக நிரப்ப வேண்டுமா என்று ஒரே கேள்வி. அன்று மாலையே பதில் வந்தது, மூன்று வரி. தோழி அதை அச்செடுத்து உயிரியல் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

வாவி மிஸ் பதில் எழுத ஒன்பது நாள் எடுத்தார். அளவிட்ட இடங்களைக் குறித்த ஒரு வரைபடத்தை அனுப்பி, மூத்தவாப்பா வலை போட்ட இடத்தை அதில் புள்ளி வைத்து அனுப்பச் சொன்னார். அதை அச்செடுத்து மூத்தவாப்பாவிடம் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி, அவர்கள் அளக்காத மூன்று இடங்களில் புள்ளி வைத்தார்.